மச்சமும் மெலனோமாவும்: நம் தோலில் எங்கே பார்க்க வேண்டும்

பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு வரிகள் இருக்கும். வலது முழங்கையில் ஒரு கறுப்பு மச்சம், இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று வகுப்பாசிரியர் கையைத் திருப்பிப் பார்த்து எழுதியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வரியை நம்பி நாற்பது ஆண்டு கழித்தும் ஓர் அதிகாரி நம்மை அடையாளம் காணலாம் என்றால், அதற்கு ஒரே காரணம் நல்ல மச்சம் சட்டென்று மாறுவதில்லை என்பதுதான். தோல் மருத்துவம் மச்சத்தைப் பற்றிச் சொல்லும் முதல் பாடமும் அதுவே.

ஆனால் அந்த ஆசிரியர் எவரும் மாணவனின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்ததில்லை. நம்மைப் போன்ற கருந்தோல் மக்களுக்கு மெலனோமா என்ற புற்றுநோய் வந்தால் அது பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. மெலனோமா பற்றிய எச்சரிக்கைப் பட்டியல்களோ வெயிலில் சிவந்துபோகும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தப் பட்டியல் எங்கே நமக்கு உதவும், எங்கே உதவாது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், முழங்கை மச்சத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது குதிகாலில் இருப்பதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

தோலின் மேலடுக்கிலேயே, அதன் அடிவரிசையில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற கறுப்புச் சாயத்தைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு வழங்குவது அவற்றின் வேலை. சாதாரணமாக அவை தனித்தனியே பரவி இருக்கும். ஓரிடத்தில் சில செல்கள் பெருகிக் கூட்டமாக நின்றுவிட்டால் அதுதான் மச்சம். பெருகத் தொடங்கிய செல்கள் ஒரு கட்டத்தில் தாமாகவே நின்றுவிடுகின்றன. மச்சங்கள் பெரும்பாலும் சிறுவயதிலும் இளமையிலும் தோன்றும். பிறகு மெல்ல மேடாகலாம், முடி முளைக்கலாம், முதுமையில் வெளிறலாம். இவையெல்லாம் இயல்பு. நடுவயதுக்குப் பின் கன்னத்திலும் கழுத்திலும் வரிசையாகத் தோன்றும் சின்னச் சின்னக் கறுப்பு மருக்களும் நம்மவர்களுக்கு மிகச் சாதாரணம்; அவற்றுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை.

நிற்காமல் பெருகிக் கீழே இறங்கத் தொடங்கும் நிறமிச் செல் கூட்டம்தான் மெலனோமா. இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெலனோமாக்களில் ஏறத்தாழ பத்தில் மூன்றுதான் பழைய மச்சத்திலிருந்து கிளம்புகின்றன. மீதி ஏழும் வெறும் தோலில் புதிதாக முளைப்பவை. ஆகவே 'எதற்கு வம்பு' என்று இருக்கும் மச்சங்களையெல்லாம் எடுத்துவிடுவதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. புதிதாக வந்த புள்ளி, பழைய மச்சத்தைவிடக் கவனமாகப் பார்க்கத் தக்கது. நாற்பது வயதுக்கு மேல் வந்த புள்ளி இன்னும் கவனமாக.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் சிலர், சாதாரண மக்களும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துகளில் ஓர் அடையாள முறையைச் சொன்னார்கள். மச்சத்தின் நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டால் இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாதிருப்பது முதலாவது. விளிம்பு தீவுகளின் கரைபோல நெளிந்தும் மங்கியும் இருப்பது இரண்டாவது. ஒரே மச்சத்தில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று பல நிறங்கள் கலந்திருப்பது மூன்றாவது. விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு பென்சிலின் அகலத்துக்கு மேல் இருப்பது நான்காவது. 2004இல் ஐந்தாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள்: மாற்றம். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். வடிவம் கோணலாக இருந்தும் முப்பது ஆண்டாக அப்படியே இருக்கும் மச்சம் பெரும்பாலும் சாது. அழகான வட்டமாக இருந்தும் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டது என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒருவருடைய மச்சங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடுவதைவிடச் சில சமயம் இது விரைவாகப் பிடிக்கும். வேகமாக வளரும் ஒருவகை மெலனோமா அந்த எழுத்துகளுக்கே அகப்படாது; சமச்சீராக, ஒரே நிறத்தில், சில சமயம் கறுப்பே இல்லாமல் சிவப்பாக, கெட்டியான குமிழாக எழும். மேடு, கெட்டித்தன்மை, விடாத வளர்ச்சி இம்மூன்றும்தான் அதன் அடையாளம்.

இனி வெயில். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் பி வகைக் கதிர் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். ஆனால் அங்கே உள்ள செல்லின் டி.என்.ஏ. இழையை நேராகத் தாக்கும். அந்த இழையில் தைமின் என்ற எழுத்து இரண்டு அருகருகே இருந்தால், கதிர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புத்தகத்தின் இரண்டு எழுத்துகள் மை இழுகி ஒன்றாகிவிட்டதைப் போல. செல் சும்மா இருப்பதில்லை. பழுது நீக்கும் புரதங்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ முப்பது எழுத்து நீளத் துண்டை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்புகின்றன. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காக அஜீஸ் சாஞ்சாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழுது மிஞ்சிப்போனால் செல் தன்னையே மாய்த்துக்கொள்ளும். வெயிலில் வெந்த தோல் உரிவதில் அப்படி மடிந்த செல்களும் அடக்கம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பழுது நீங்குவதற்குள் செல் இரண்டாகப் பிரிந்துவிட்டால் தவறான எழுத்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். பெருகாமல் நிற்கச் சொல்லும் மரபணுவிலோ, பெருகச் சொல்லும் மரபணுவிலோ அந்தப் பிழை விழுந்தால் கதை மாறுகிறது. ஏ வகைக் கதிரும் சும்மா இருப்பதில்லை. அது ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும், தோலில் ஆழமாக இறங்கும். நிழலுக்கு வந்த பிறகும் சில மணி நேரம் நிறமிச் செல்களில் புதுப் பழுதுகள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாதுகாக்க வேண்டிய மெலனினே, கதிரிலிருந்து வாங்கிய ஆற்றலை இருட்டில் டி.என்.ஏ. மீது இறக்கிவைக்கிறது.

இதற்கு உலகத்தின் சோதனைக்கூடம் ஆஸ்திரேலியா. வடக்கு ஐரோப்பிய வெள்ளைத் தோல், வெப்பமண்டல வெயிலில் போய்க் குடியேறிய இடம் அது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி இருந்தார்கள். சோதனை முடிந்து பத்தாண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது முதல் பிரிவில் 11 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது. வெள்ளைத் தோலில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு. சிறுவயதில் கொப்புளம் வருமளவு வெந்துபோவது இன்னும் கெடுதல். அன்று விழுந்த பிழை பல பத்தாண்டுகள் செல்லுக்குள் காத்திருக்கும்.

நமக்கு? நம் தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். ஆனால் அவை தயாரிக்கும் மெலனின் துகள்கள் பெரியவை, நிறையவும் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் உட்கருவின் மேலே அவை ஒரு குடைபோலக் கவிந்து நிற்கின்றன. வயலில் நாளெல்லாம் நாற்று நடும் பெண்களிடையே கை, முதுகு மெலனோமா அரிதாக இருப்பதற்கு இந்தக் குடைதான் காரணம். குடை இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்: பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள். அவர்களுக்கு நம்பூர் பாடம் முழுதாகவே பொருந்தும். தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், ஆண்டுதோறும் தோல் பரிசோதனை எல்லாம் அவர்களுக்கு மருந்துக்கு நிகர். நம் வீடுகளில் அந்தக் குழந்தைகளின் கண் பார்வையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குத் தோலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கருந்தோல் மக்களின் மெலனோமாவில் பெரும்பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது. வெயில் படாத இடங்கள். இந்தக் கட்டிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் பிழைகளின் முத்திரை அவற்றில் குறைவு. ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. உடல் எடை அழுத்தும் இடங்களில் அதிகம் வருவதால் அழுத்தத்துக்குப் பங்கிருக்கலாம் என்று கருதுகிறார்கள். வெள்ளையருக்கும் இது ஏறக்குறைய இதே அளவில்தான் வருகிறது. அவர்களிடம் வெயிலால் வரும் மெலனோமா மலையாகக் குவிவதால் இது கண்ணில் படுவதில்லை. நம்மிடம் அந்த மலை இல்லாததால் இது மட்டும் தெரிகிறது. எந்த சன்ஸ்கிரீனும் இதைத் தடுக்காது. சீக்கிரம் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கதை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1977இல் கால்பந்து ஆடும்போது வலது கால் பெருவிரலில் அடிபட்டது. நகம் பெயர்ந்தது, புண் ஆறவில்லை. பந்தாட்டக் காயம் என்றே நினைத்திருந்தார்கள். திசுவை எடுத்துச் சோதித்தபோது நகத்தடி மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள், அவர் மறுத்தார். நகப் படுகையை மட்டும் அகற்றி, வேறிடத்துத் தோலை வைத்து ஒட்டினார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். நோய் மூளைக்குப் பரவியிருந்தது. 1981 மே 11 அன்று 36 வயதில் இறந்தார். அடிபட்டதால் புற்றுநோய் வந்தது என்று இதிலிருந்து கொள்ள வேண்டாம். ஏற்கெனவே இருந்ததை அடி வெளிக்காட்டியது. ஆனால் காலில் ஒரு கறுப்பு தெரிந்தவுடன் அடிபட்ட ஞாபகம் ஒன்று உதவிக்கு வந்துவிடுகிறது. அதை நம்பி மாதங்கள் போய்விடுகின்றன. காலில் அடிபடாதவர் யார்?

இரத்தக்கட்டா வேறா என்று பார்ப்பதை நான் கற்றுக்கொண்டது அம்மாவின் காலில். தண்ணீர்க் குடம் நழுவிப் பெருவிரல் நகத்தின்மேல் விழுந்ததாகச் சொன்னார். எந்த மாதம் என்று அவருக்கே உறுதியில்லை. நகத்தின் பாதி நாவற்பழ நிறத்தில் இருந்தது. மருத்துவர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை, பதறவும் விடவில்லை. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார், இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். நகத்தடியில் உறைந்த இரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னே நகர்ந்தாக வேண்டும். இரண்டு மாதம் கழித்து, நகத்தின் அடியில் பிறைநிலாவைப் போல மூன்று மில்லிமீட்டர் வெள்ளை தெரிந்தது. கறுப்பு முன்னே போயிருந்தது. டெர்மோஸ்கோப் என்ற ஒளியூட்டிய உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, ஊதாச் சிவப்பு உருண்டைகளாகத் தெரிகின்றன, இரத்தம்தான் என்றார். ஆனாலும் கறுப்பு முழுதும் வெளியேறும்வரை பார்க்கச் சொன்னார், ஏனென்றால் கட்டியும் சில சமயம் இரத்தம் கசியும். முழுதும் போக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

மெலனோமா இப்படி நகராது. அது நகம் முளைக்கும் வேரிலேயே உட்கார்ந்திருப்பதால், வளர வளர நகத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை விழுந்துகொண்டே இருக்கும். நம் மக்களில் பலருக்கு நகங்களில் இளம்பழுப்புப் பட்டைகள் இயல்பாகவே உண்டு. பல விரல்களில், மெலிதாக, ஆண்டுக்கணக்கில் ஒன்றுபோல் இருந்தால் பயமில்லை. ஒரே ஒரு விரலில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்குப் பின் புதிதாக ஒரு பட்டை வந்து, 3 மில்லிமீட்டரைத் தாண்டி அகன்றுகொண்டே போனால் உடனே காட்ட வேண்டும். நுனியைவிட அடிப்பகுதியில் பட்டை அகலமாக இருந்தால் அது வளர்கிறது என்று பொருள்: நுனி பழையது, அடி புதியது. கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் பக்கத்துச் சதையிலும் படிந்திருந்தால் அது மிக வலுவான எச்சரிக்கை. ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

உள்ளங்காலில் உள்ள புள்ளிக்கு வேறொரு கணக்கு. கைரேகையைப் போலவே பாதத்திலும் மெல்லிய மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. வியர்வைத் துளைகள் மேட்டின் முதுகில் வரிசையாகத் திறக்கும். சாதாரண மச்சத்தில் நிறமி பள்ளங்களில் ஓடும், ஏர் ஓட்டிய சாலில் நீர் நிற்பதைப்போல. மெலனோமாவில் நிறமி மேடுகளில் ஏறி நிற்கும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டறிந்த இந்த வேற்றுமையை டெர்மோஸ்கோப்பில் சில விநாடிகளில் பார்த்துவிடலாம், வெறுங்கண்ணால் முடியாது. உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளியை நாமே தீர்ப்புச் சொல்லாமல் அந்தக் கருவி உள்ளவரிடம் போக வேண்டும் என்பது இதனால்தான். 7 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் காத்திருப்பதற்கே இடமில்லை.

நடைமுறையில் தவறுவது எங்கே? கால் ஆணி என்று சொல்லிச் செதுக்குவார்கள். சேற்றுப்புண் என்று களிம்பு தடவுவார்கள். சர்க்கரை நோயாளிக்குக் குதிகாலில் ஆறாத புண் இருந்தால் சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போடுவார்கள். நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகி வைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அவை ஆணியும் புண்ணும்தான். ஆனால் இந்த வகை மெலனோமா கறுப்பே இல்லாமல் வெறும் சிவந்த சதையாகவும் வரும். ஆகவே காலில் எதுவாயினும் சரியான மருத்துவம் செய்தும் இரண்டு மாதத்தில் ஆறாவிட்டால், ஓரத்திலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதிக்கும்படி நாமே கேட்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, இதை அழுத்தியே சொல்கிறேன். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து மச்சத்தைச் சுடுவது நம் ஊர்களில் பழைய பழக்கம். அழகு நிலையத்தில் லேசர் வைத்து எரிப்பது புதிய பழக்கம். இரண்டும் மேலே தெரிவதை அழிக்கும், கீழே இருப்பதை விட்டுவிடும், சோதிக்க வேண்டிய திசுவையும் இல்லாமல் ஆக்கிவிடும். பிறகு தழும்புக்கடியில் நோய் வளர்ந்தால் கண்டுபிடிக்க வழியே இருக்காது. சந்தேகப்படும் மச்சத்தை முடிந்தவரை முழுதாக, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் தோலோடு வெட்டியெடுத்து நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. மரத்துப்போக ஊசி போட்டு அரைமணி நேரத்தில் முடியும் வேலை அது. கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. திசு எடுத்துச் சோதிப்பதால் மெலனோமா பரவுவதில்லை.

ஆய்வறிக்கை வந்தால் அதில் தேட வேண்டியது ஓர் எண். பிரெஸ்லோ தடிப்பு என்று போட்டிருக்கும், மில்லிமீட்டரில். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் சொன்ன அளவு இது: கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே உயிரை நிர்ணயிக்கிறது. மேலடுக்கைத் தாண்டாமல் இருந்தால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்குள் தோலை எடுப்பதோடு முடிந்துவிடும். 1 மில்லிமீட்டர் வரை இறங்கியிருந்தால் ஒரு சென்டிமீட்டர் ஓரம். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர். ஏறத்தாழ 1 மில்லிமீட்டரை எட்டும்போதே, காலில் என்றால் தொடையிடுக்கிலும் கையில் என்றால் அக்குளிலும் உள்ள முதல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பது பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பரவிய நோய்க்கு 2011 முதல் நோயெதிர்ப்பு மருந்துகள் வந்து பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் உள்ளங்கால் வகைக்கு அவை வெயில் வகைக்குச் செய்யும் அளவு வேலை செய்வதில்லை.

அம்மா இப்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காலை மடக்கி உட்கார்ந்து பாதத்தைப் பார்க்கிறார். விரலிடுக்கு, குதிகாலின் ஓரம், பித்தவெடிப்பின் பிளவுகள். குனிய முடியாத நாட்களில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலை நீட்டிக்கொள்வார். மருதாணி இட்ட வாரம் மட்டும் நகம் தெரியாது. அதனால் கால் பெருவிரல் ஒன்றுக்கு மட்டும் அவர் மருதாணி வைப்பதில்லை.